போட்டோ அனுப்பு, ஷால் சொல்றேன்

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சுடிதார் படம் வந்து விழும். கீழே ஒரே வரி: "லாத்தா, இதுக்கு என்ன கலர் ஷால் போடலாம்?" கேட்பவள் காயல்பட்டினத்தில் இருப்பாள். லாத்தா சென்னையிலோ துபாயிலோ இருப்பார். இந்த வழிகாட்டி அந்த லாத்தாக்களுக்காக எழுதப்படுகிறது. பார்க்காத துணிக்கு, தொடாத ஷாலை, ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து தேர்ந்து கொடுக்கும் பெரும் பொறுப்பு அவர்கள் தலையில்தான் இருக்கிறது.

முதல் விதி, உடனே பதில் சொல்லிவிட வேண்டும். யோசித்துச் சொன்னால் உங்களுக்கு விஷயம் தெரியாது என்று நினைத்துவிடுவார்கள். "மெரூன்" என்று போடுங்கள். எதற்கும் மெரூன் என்று சொல்லலாம். அதற்குள் சாச்சி "கோல்டுதான் எடுப்பா இருக்கும்" என்பார். மச்சி "சேம் கலர்லயே எடும்மா" என்பார். பெரியம்மா வாய்ஸ் மெசேஜில் கறுப்பு எல்லாத்துக்கும் பொருந்தும் என்று இரண்டு நிமிடம் விளக்குவார். இவ்வளவு பேரும் எந்தத் துணியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. ஏனென்றால் ஒவ்வொருவர் போனிலும் தெரிவது ஒவ்வொரு துணி.

இனி, படம் எடுக்கும் மரபான முறை. இரவு பத்து மணிக்குமேல், டியூப்லைட் வெளிச்சத்தில், பூப்போட்ட படுக்கை விரிப்பின் மேல் சுடிதாரை விரித்து, போனைக் கிட்டே கொண்டுபோய், படம் முழுக்கத் துணியே நிறையும்படி எடுக்க வேண்டும். ஃபிளாஷ் போட்டால் இன்னும் விசேஷம். இப்படி எடுத்தால் உங்கள் துணியின் நிறம் உலகில் யாருக்கும் தெரியாமல் ரகசியமாகக் காக்கப்படும்.

காரணம் எளிது. டியூப்லைட்டா, மஞ்சள் பல்பா, வெயிலா என்பது போன் கேமராவுக்குத் தெரியாது. படத்தில் இருக்கும் நிறங்களைப் பார்த்து 'இங்கே வெளிச்சம் இப்படி இருக்கிறது போலும்' என்று அதுவே ஒரு கணக்குப் போடும். அந்தக் கணக்குப்படி எல்லா நிறத்தையும் திருத்தும். படம் முழுக்கப் பச்சைத் துணியே இருந்தால், வெளிச்சமே பச்சை என்று முடிவுகட்டி, பச்சையைக் கொஞ்சம் பிடுங்கிவிடும். கிளிப்பச்சை அனுப்பினால் அங்கே பாசிப்பச்சை போய்ச் சேர்வது இப்படித்தான். வாட்ஸ்அப் மீது பழி போடுவது வழக்கம். அது படத்தைச் சுருக்குவதால் சரிகையின் நுணுக்கம் கலங்கும் என்பது உண்மை. ஆனால் நிறம் மாறுவதில் அதன் பங்கு குறைவு. தவறு பெரும்பாலும் எடுத்த இடத்திலேயே நடந்து முடிந்திருக்கும்.

இதில் நமக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். 2015 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தில் ஒரு கல்யாணத்துக்காக, மணப்பெண்ணின் அம்மா தான் உடுத்தப்போகும் கவுனைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார். அது வெள்ளையும் பொன்னுமா, நீலமும் கறுப்பும்தானா என்று ஆரம்பித்த சண்டை சில நாளில் இணையம் முழுக்கப் பரவியது. உண்மையில் அது நீலமும் கறுப்பும். அம்மாவும் மகளும் ஒரே படத்தைப் பார்த்தும் ஒத்துப்போகவில்லை என்றால், சாச்சியும் மச்சியும் எப்படி ஒத்துப்போவார்கள்?

வம்பு வேண்டாம், நிறம் தெரிந்தால் போதும் என்று நினைக்கும் அபூர்வப் பிறவிகளுக்கு ஒரு வழி சொல்கிறேன். காலை பத்து மணி வாக்கில், நேர் வெயில் படாத திண்ணையில் துணியைப் போடுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் வையுங்கள். அதன்மேல் கொஞ்சம் புதிதான ஐம்பது ரூபாய் நோட்டு ஒன்று, நீல நிறத்தில் வருமே, அது. இரண்டும் படத்தில் விழும்படி நான்கடி தள்ளி நின்று எடுங்கள். படம் கிடைத்தவர் தன்னிடம் இருக்கும் ஐம்பது ரூபாய் நோட்டை ஜன்னல் ஓரமாக, திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். திரையில் இருக்கும் நோட்டும் கையில் இருக்கும் நோட்டும் ஒரே நீலமாகத் தெரிந்தால் துணியின் நிறத்தையும் ஓரளவு நம்பலாம். நோட்டு பச்சையடித்தால் துணியும் பச்சையடித்திருக்கிறது என்று பொருள். துபாய் லாத்தாக்கள் பர்ஸின் மூலையில் கிடக்கும் இந்திய நோட்டைத் தேடி எடுக்கவும். பல வருடம் கைமாறி அழுக்கேறிய நோட்டு எந்தச் சாட்சிக்கும் ஆகாது.

பார்க்கிறவர் பக்கமும் ஒரு குற்றம் உண்டு. ராத்திரி படுத்துக்கொண்டு பார்க்கிறவர்களின் போனில் கண்ணுக்கு இதமான மஞ்சள் திரை தானாகவே வந்திருக்கும். அதில் எல்லாமே சந்தனத்தில் முக்கி எடுத்ததுபோல் தெரியும். "மெரூன்" என்ற தீர்ப்புகளில் பாதி இந்த மஞ்சள் திரையில் பிறந்தவை. அதை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

இப்போது ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். தங்கை அனுப்பிய துணி மயில்கழுத்து நிறப் பட்டு. கழுத்திலும் கையோரத்திலும் மெல்லிய பொன்சரிகை. நிக்காஹ் மாலையில், மண்டபத்தில். வந்த படத்தில் அது பட்டவர்த்தனமான நீலம். அவளோ பச்சை என்கிறாள். குழு இரண்டாகப் பிரிந்துவிட்டது.

மரபுப்படி இங்கே போனை மாற்றச் சொல்ல வேண்டும். ஆனால் இந்த ஒரு வழக்கில் போன் நிரபராதி. மயில்கழுத்து என்பது ஒரு நிறமே இல்லை. அது இரண்டு நிறம். பாவு நூல் ஒரு நிறத்திலும் ஊடை நூல் வேறொரு நிறத்திலும் போட்டு நெய்வார்கள். நீலமும் பச்சையும் அப்படிச் சேரும்போது, நேராகப் பார்த்தால் ஒன்று தூக்கலாகத் தெரியும். சாய்த்துப் பார்த்தால் மற்றது. துணி மடியும் இடத்தில் ஒன்று, விரிந்த இடத்தில் மற்றொன்று. பட்டில் இந்த விளையாட்டு இன்னும் அதிகம், ஏனென்றால் நூலே மினுங்கும். படம் ஒரு கோணத்தை மட்டும் பிடிக்கும், அதனால் ஒரு நிறத்தைத்தான் காட்டும். இதற்குப் படம் போதாது. துணியைக் கையில் பிடித்து மெதுவாகத் திருப்பி ஒரு பத்து நொடி வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு நிறமும் வெளியே வந்துவிடும்.

இந்தத் துணிக்கு மச்சி சொன்ன 'சேம் கலர்' ஷாலைக் கடையில் கேட்டால், மயில்கழுத்து என்று சொல்லியே ஒன்றை எடுத்துப் போடுவார்கள். அது ஒரே சாயத்தில் முக்கிய சாட்டின். நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே எங்கோ நின்றுவிட்ட நிறம். சுடிதார் அசையும்போதெல்லாம் நிறம் மாற, ஷால் மாறாமல் நிற்கும். தனியாகப் பார்த்தால் இரண்டும் அழகுதான். சேர்த்துப் போட்டால், ஒன்று சாயம் போனது போலத் தெரியும். மேட்சிங்கில் என் அனுபவம் இதுதான்: நன்றாக விலகிய நிறத்தை யாரும் குறை சொல்வதில்லை, கிட்டத்தட்டப் பொருந்திய நிறத்தைத்தான் எல்லோரும் கவனிக்கிறார்கள். அச்சாகப் பொருந்த வேண்டும், இல்லையென்றால் துணிச்சலாக இரண்டு படி தள்ளிப் போய்விட வேண்டும். நடுவில் நிற்பதுதான் கல்யாண வீட்டில், "பாவம், கடையில கிடைக்கலபோல" என்று பேச வைக்கும்.

ஆக, மயில்கழுத்துக்கு மூன்று வழி. ஒன்று, அதன் நூலில் இருக்கும் நீலத்தையே எடுத்து, மையைப்போல் நன்றாக இருட்டாக்கிய நிறம். இரண்டு, சரிகையிலிருந்து எடுத்த மங்கிய பொன். பளபளக்கும் பொன் அல்ல. மூன்று, முற்றிலும் விலகிய அரக்கு. மூன்றுமே சரி. நான் முதலாவதைச் சொல்வேன். கழுத்தில் ஏற்கெனவே சரிகை இருக்கிறது. அதற்கு நேர் மேலே இன்னொரு பொன் வந்து உட்கார்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று மழுங்கடிக்கும். அரக்கு போட்டால் பார்ப்பவர் கண்ணில் ஷால்தான் முதலில் படும், துணியின் நிறமாட்டம் பின்னுக்குப் போய்விடும். அவ்வளவு விலை கொடுத்து மயில்கழுத்து வாங்கியது அதற்கா?

'நம்ம நிறத்துக்கு இது எடுக்காது' என்று ஒரு பழைய சட்டம் உண்டு. கறுத்த பெண்கள் வெளிர் நிறம் போடக் கூடாது, சிவந்த பெண்கள் எது வேண்டுமானாலும் போடலாம் என்கிற சட்டம். இதை இயற்றியவர்கள் நிறங்களைப் பார்த்ததில்லை, மனிதர்களை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். பாரிஸின் கோப்ளான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவை நடத்திய ஷெவ்ரோல் என்ற வேதியியலாளரிடம், கறுப்பு நூல் போதிய கறுப்பாக இல்லை என்று புகார் வந்தது. சாயத்தை ஆராய்ந்தார்; சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் வைத்து நெய்த நீலமும் ஊதாவும்தான் அந்தக் கறுப்பை வெளுக்கச் செய்திருந்தன. ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதை அதன் பக்கத்து வீட்டு நிறமும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது என்று 1839-இல் பெரிய புத்தகமே எழுதினார். ஷாலுக்குப் பக்கத்து வீடு முகம். பச்சைக்குப் பக்கத்தில் தோல் கொஞ்சம் சிவப்பேறித் தெரியும். ஆரஞ்சுக்குப் பக்கத்தில் நீலம் பாரித்ததுபோல் தெரியலாம். இது எல்லாத் தோலுக்கும் நடக்கிற காரியம். கூடவே இன்னொன்று: ஷால் மினுமினுப்பான சாட்டினாக இருந்தால், அதன் நிறமே தாடைக்கு அடியில் பிரதிபலிக்கும். மங்கலான கிரேப், ஜார்ஜெட் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஆகவே நிறத்தைப் பற்றிச் சண்டை போடும் நேரத்தில் பாதியைத் துணியின் மினுக்கத்துக்குச் செலவிடலாம்.

அடுத்து முகம். மரபுப்படி எல்லோரும் அனுப்புவது செல்ஃபி. கையை நீட்டி எடுத்தால் போன் முகத்திலிருந்து ஒன்று, ஒன்றரை அடி தூரத்தில்தான் இருக்கும். கிட்டே இருக்கும் மூக்கு பெரிதாகி, தள்ளி இருக்கும் காது ஓடி ஒளிந்துகொள்ளும். 2018-இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: ஒரு அடியில் எடுத்த படத்தில் மூக்கு, ஐந்து அடியில் எடுத்த படத்தைவிடச் சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும். போதாக்குறைக்குப் போனின் அழகு வசதி தாடையைச் செதுக்கிக் கூராக்கியிருக்கும். அந்தப் படத்தைப் பார்த்து முக அமைப்பைச் சொல்வது, இல்லாத ஒருவருக்கு ஷால் வாங்குவதுதான்.

சரியான படம் வேண்டுமென்றால், வேறொருவரை ஐந்தாறு அடி தள்ளி நிற்கவைத்து, போனின் பின்பக்கக் கேமராவில், கண் மட்டத்தில், இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். அழகு வசதி அணைந்திருக்கட்டும். தலையில் வீட்டிலிருக்கும் பழைய கறுப்பு ஷாலைச் சுற்றிக்கொண்டே எடுக்கலாம். குழுவில் சாச்சாமார்களும் இருப்பதால் எப்படியும் அவள் தலையை மூடித்தான் அனுப்புவாள். அதுவே நமக்கு வசதி.

ஏனென்றால் இங்கேதான் பல வழிகாட்டிகள் கோட்டை விடுகின்றன. நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலிருந்து தாடை வரை நீளத்தை அளந்து, கன்ன அகலத்தால் வகுத்து, ஒன்றரை வந்தால் நீள்வட்டம், ஒன்றுக்குப் பக்கம் வந்தால் வட்டம் என்று கணக்குச் சொல்கின்றன. ஷால் போட்ட பிறகு முடி தொடங்கும் இடம் எங்கே தெரிகிறது? காது எங்கே? பார்ப்பவருக்குத் தெரியும் முகம் என்பது ஷால் விட்டுவைத்த இடம். அந்த இடத்தின் வடிவத்தை வெட்டுவது உங்கள் கை. உள்தொப்பியை நெற்றியில் ஒரு விரல் அகலம் மேலே தள்ளினால் முகம் நீளும். ஒரு விரல் கீழே இறக்கினால் குறுகும். கன்னத்தோடு ஒட்டி இழுத்தால் வட்டம் இன்னும் வட்டமாகும். கன்னத்தின் ஓரத்தை மூடும்படி துணியைச் சற்றே முன்னே தள்ளி, தளர்த்தி விட்டால் முகம் ஒடுங்கித் தெரியும்.

தங்கையின் படத்தைப் பார்த்தோம். கன்னம் உப்பிய முகம்; நீளமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று. அவள் வழக்கம், தாடைக்கு அடியில் இழுத்து ஊசி குத்துவது. அதனால் தாடைக்குக் கீழே ஒரு வட்டக் கோடு விழுந்து, மேலே உள்ள வட்டத்தை அடிக்கோடிட்டுக் காட்டியது. அவளுக்குச் சொன்னது இவ்வளவே. ஊசியைத் தாடைக்கு நேர் கீழே குத்தாமல் ஒரு பக்கமாக, காதுக்குக் கீழே தள்ளிக் குத்து. உச்சியில் துணியைத் தட்டையாக அமுக்காமல் கொஞ்சம் உயரம் விடு. ஷாலின் ஒரு முனையை மார்பில் நேராகக் கீழே தொங்கவிடு. அந்த நேர்கோடு கண்ணை மேலிருந்து கீழே இழுக்கும். நீண்ட முகம் உள்ளவர்களுக்கு இதற்கு நேர் எதிர்: உச்சியில் உயரம் வேண்டாம், பக்கங்களில் தளர்வு வேண்டும், நெற்றியில் கொஞ்சம் இறக்கம் வேண்டும். தாடை எலும்பு தூக்கலாக இருப்பவர்கள் அந்த இடத்தில் இறுக்கிக் கட்டாமல், மடிப்பு ஒன்று மெதுவாக விழும்படி விட்டால் போதும். அதற்குமேல் முகத்தைப் பற்றி ஆராய ஒன்றுமில்லை.

சுடிதாரின் கழுத்துச் சரிகையை மறந்துவிடாதீர்கள். மார்பு முழுக்க ஷாலைப் பரப்பினால் தையற்காரர் போட்ட வேலை எல்லாம் உள்ளே போய்விடும். ஆனால் மறைப்பதா காட்டுவதா என்பது அவளுடைய முடிவு. குழு அதில் வாக்கெடுப்பு நடத்தத் தேவையில்லை. மறைப்பதென்றால் அந்தச் சரிகை ஒரு பொருட்டல்ல, பொன்னிற ஷாலும் தாராளமாகப் பொருந்தும்.

இனி கடை. தையற்காரரிடம் மிச்சத் துண்டைக் கேட்டு வாங்கி, அதை எடுத்துக்கொண்டு போவதுதான் உத்தமம். விரல் நீளம் இருந்தாலும் போதும், எந்தப் படத்தையும்விட உண்மையைச் சொல்லும். கடையில் ஷால் எட்டாக மடித்து வைக்கப்பட்டிருக்கும். ஷிஃபான் போன்ற ஊடு தெரியும் துணியில் எட்டு மடிப்பின் நிறம் வேறு, ஒற்றை மடிப்பின் நிறம் வேறு. மடிப்பில் மை நீலமாக இருந்தது தலையில் போட்டதும் வெளிறிவிடும். உள்ளே போட்ட தொப்பியின் நிறமும் அதில் கலக்கும். பிரித்து, ஒரு மடிப்பாகக் கையின்மேல் போட்டு, வாசலுக்கு எடுத்துப்போய்ப் பாருங்கள். அனுபவமுள்ள கடைக்காரர்கள் அவர்களாகவே, "வெளிச்சத்துல பாருங்கம்மா" என்பார்கள். சொல்லாதவரிடம் நீங்கள் சொல்லுங்கள்.

வாசலில் பொருந்தியது மண்டபத்தில் பொருந்தும் என்று எழுதிக் கொடுக்க யாராலும் முடியாது. பட்டும் பாலியஸ்டரும் வேறு வேறு சாயம் ஏறியவை. பகலில் ஒன்றுபோல் தெரியும் இரண்டு, மஞ்சள் விளக்கில் தனித்தனியாகப் பிரிந்து நிற்கலாம். மாலை விசேஷம் என்றால் வாசலில் ஒருமுறை, கடைக்குள் மஞ்சள் பல்பு இருக்கும் மூலையில் ஒருமுறை. இரண்டிலும் தேறினால் வாங்கலாம்.

எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை என்றால், வெள்ளை ஷால் வாங்கிச் சாயம் போட்டுக்கொள்வோம் என்று மச்சி சொல்வார். நல்ல யோசனைதான். ஆனால் விலை மலிவான ஜார்ஜெட், ஷிஃபான்களில் பெரும்பாலானவை பாலியஸ்டர். அது சாதாரணக் கொதிநீர்ச் சாயத்தை ஏற்காது. அதற்குத் தனிச் சாயமும் நல்ல சூடும் வேண்டும். வெளிறிய, திட்டுத்திட்டான ஒரு நீலம் வந்து நிற்கும். சாயம் போடுவதாக இருந்தால் பருத்தி, பட்டு, விஸ்கோஸ் என்று கேட்டு வாங்குங்கள். சாயக்காரரிடம் துண்டைக் கொடுத்துவிட்டு, ஈரமாக இருக்கும்போது நிறத்தைப் பார்த்துத் தலையாட்ட வேண்டாம். ஈரத்தில் எல்லாத் துணியும் ஒரு படி இருட்டாகத்தான் தெரியும். ஓரத்தை இஸ்திரி போட்டு உலர்த்திக் காட்டச் சொல்லுங்கள்.

நம் வழக்கில் தங்கை எடுத்தது மை நீலக் கிரேப், மினுக்கமில்லாதது, ஆறடிக்குச் சற்று அதிக நீளம். உள்ளே அதே நிறத்தில் பருத்தித் தொப்பி. வழுக்கும் துணிக்குப் பருத்தித் தொப்பிதான் பிடிமானம். சாச்சிக்கு இன்னும் கோல்டுதான் எடுத்திருக்க வேண்டும் என்று வருத்தம். அவருக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுச் சமாதானம் சொல்லிவிடுங்கள். நிக்காஹ் அன்று கைப்பையில் ஆறு குண்டூசி அதிகமாக வைத்துக்கொள்ளச் சொல்லவும் மறக்காதீர்கள். மண்டபத்தில் கேட்டால் யாரிடமும் இருக்காது.